வெளியே போகும் கரன்டுக்கும் நாமே பில் கட்டுகிறோமா?

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் வீடு. சிங்கிள் பேஸ் இணைப்பு. மாடியில் 550 வாட் பேனல் எட்டு, 5 கிலோவாட் Deye ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறோம். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் பேக்கப் பக்கம், ஏ.சி.யும் மோட்டாரும் நேரே ஈபி லைனில். நெட் மீட்டர் கேட்டோம். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இனி இடமில்லை, கரன்டை வெளியே அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை செய்து கொடுத்தவர், "ஜீரோ எக்ஸ்போர்ட் போட்டாச்சு, கவலைப்படாதீங்க" என்றார். சோலாருக்கு முன்பு இரண்டு மாதத்துக்கு 610 யூனிட் ஓடும். சோலார் வந்த பிறகு வந்த முதல் முழு பில்லில் 580 யூனிட்! ஆப்பில் பார்த்தால் பேனல் தினமும் 18 யூனிட் தயாரிப்பதாகக் காட்டுகிறது. மதிய நேரத்தில் கிரிட் பக்கத்தில் மைனஸ் எண் தெரிகிறது. அந்த 18 யூனிட்டும் எங்கே போகிறது?

— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த 18-லேயே இருக்கிறது. முன்பு இரண்டு மாதத்துக்கு 610 யூனிட் என்றால், வீட்டின் செலவு நாளுக்குப் பத்து யூனிட். கரன்ட் வெளியே போகாத ஒரு வீட்டில், வீட்டுச் செலவும் பேட்டரி வாங்கிக்கொள்வதும் சேர்ந்த அளவுக்கு மேல் பேனல் தயாரிக்கவே முடியாது. வாங்க ஆளில்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் பேனலின் வேலையைக் குறைத்துவிடும். உங்கள் வீட்டில் ஜீரோ எக்ஸ்போர்ட் ஒழுங்காக வேலை செய்திருந்தால் ஆப்பில் ஒன்பதோ பத்தோதான் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு தெரிகிறது என்றால் மீதி தெருவுக்குப் போயிருக்கிறது. மதியத்து மைனஸ் எண்ணும் அதைத்தான் சொல்கிறது. Deye திரையில் கிரிட் பக்கம் பிளஸ் என்றால் வாங்குகிறோம், மைனஸ் என்றால் அனுப்புகிறோம்.

அனுப்பியதற்குப் பணம் வராமல் போகலாம், ஆனால் பில் ஏன் குறையாமல் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. நெட் மீட்டர் இல்லாத வீடுகளில் மாட்டியிருக்கும் எலக்ட்ரானிக் மீட்டர்களில் பல, கரன்ட் எந்தத் திசையில் ஓடினாலும் அதை உபயோகமாகவே கூட்டிக்கொள்ளும். வயரை மாற்றிப் போட்டு மீட்டரைப் பின்னோக்கி ஓட்டுகிற திருட்டைத் தடுப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். சோலார் வைத்திருப்பவருக்கு அதே அமைப்பு எதிராகத் திரும்புகிறது. நீங்கள் இலவசமாகக் கொடுத்த கரன்டை மீட்டர் நீங்கள் வாங்கியதாக எழுதுகிறது.

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து யூனிட் செலவில் பகலில் ஐந்து, இரவில் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பகல் ஐந்தும் பேனலிலிருந்து நேராகக் கிடைக்கிறது. பேட்டரி நாலரை யூனிட் வாங்கி, இரவில் நாலு யூனிட் திருப்பித் தருகிறது. மீதி ஒரு யூனிட் ஈபியிலிருந்து. ஆக உண்மையில் வாங்கியது நாளுக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு 60. பேனல் தயாரித்த 18-ல் ஐந்தும் நாலரையும் போனால் எட்டரை மிச்சம். அது வெளியே போயிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 510. இரண்டையும் மீட்டர் கூட்டினால் 570. உங்களுக்கு வந்தது 580. இதை உறுதிப்படுத்திக்கொள்ள, ஆப்பில் தினசரி எவ்வளவு அனுப்பப்பட்டது என்ற கணக்கு இருக்கும். சென்ற ரீடிங் தேதியிலிருந்து இந்த ரீடிங் தேதி வரை அதைக் கூட்டி, வாங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். பில் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. இதற்காக வேண்டுமென்றே கரன்டை வெளியே அனுப்பிச் சோதிக்காதீர்கள். உங்களுக்கு அதற்கு அனுமதி இல்லை.

இனி செட்டிங்குக்கு வருவோம். இன்வெர்ட்டர் திரையில் பல்சக்கரப் படத்தைத் தொட்டு `System Work Mode` என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே மூன்று வழிகள் இருக்கும். `Selling First` என்பது மிச்சத்தை விற்பதற்கானது, உங்களுக்கு வேண்டாம். `Zero Export To Load` என்பதில் இன்வெர்ட்டர் தன் பேக்கப் முனையில் இருக்கும் சாமான்களுக்கு மட்டும் கரன்ட் தரும், ஈபி பக்கம் ஒரு சொட்டும் விடாது. இதற்கு வெளியே சென்சார் தேவையில்லை, உள்ளேயே இருக்கிறது. ஆனால் உங்கள் ஏ.சி.யும் மோட்டாரும் ஈபி லைனில் இருப்பதால், உச்சி வெயிலில்கூட அவை ஈபி கரன்டில்தான் ஓடும். `Zero Export To CT` மூன்றாவது. ஈபி மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் வயரில் மாட்டிய சி.டி. என்ற வளையத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டின் எந்த மூலையில் எந்தச் சாமான் ஓடினாலும் அதற்கும் சோலார் கரன்டைத் தரும். வளையத்தைத் தாண்டி வெளியே போக விடாது. உங்கள் வீட்டு வயரிங்குக்கு இதுதான் சரி. பெரும்பாலும் உங்களுக்கும் இதையேதான் போட்டிருப்பார்கள். "ஜீரோ எக்ஸ்போர்ட் போட்டாச்சு" என்று அவர் சொன்னது பொய்யாக இருக்காது.

சிக்கல் அதே பக்கத்தில் இருக்கும் `Solar Sell` என்ற சின்னக் கட்டத்தில். மேலே ஜீரோ எக்ஸ்போர்ட் என்று தேர்ந்தெடுத்திருந்தாலும், இந்தக் கட்டத்தில் டிக் இருந்தால், வீட்டுக்கும் பேட்டரிக்கும் போக மிஞ்சும் சோலார் கரன்ட் கிரிட்டுக்குப் போகும். பெயரைப் பார்த்தால் முரணாகத்தான் தெரியும். அந்த நிலையில், இரவில் பேட்டரிக் கரன்ட் வெளியே போகாமல் தடுப்பதோடு ஜீரோ எக்ஸ்போர்ட்டின் வேலை முடிந்துவிடுகிறது. பகல் மிச்சத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நெட் மீட்டர் வீடுகளுக்கு அந்த டிக் அவசியம். நிறைய நெட் மீட்டர் வேலை செய்தவர் கைப்பழக்கத்தில் உங்கள் வீட்டிலும் அதை வைத்துவிட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அந்தப் பக்கம் பாஸ்வேர்டு கேட்டால், வேலை செய்தவரை நேரில் வரவழைத்து, உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனி இன்வெர்ட்டர்களில் இந்தப் பெயர்கள் மாறும். ஆனால் "விற்கலாமா" என்று தனியாக ஒரு அனுமதி இருக்கிறதா என்று எதிலும் தேடிப் பாருங்கள்.

அதே பக்கத்தில் `Zero-export Power` என்று ஒரு எண் இருக்கும். பெயரைப் பார்த்து அதில் பூஜ்யம் போடத் தோன்றும், போடாதீர்கள். ஈபியிலிருந்து எப்போதும் எத்தனை வாட் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. கம்பெனிக் கையேடு 20 முதல் 100 வாட் வரை வைக்கச் சொல்கிறது. காரணம் சி.டி.யின் துல்லியம். நூறு ஆம்பியர் வரை அளக்கிற வளையம் அது. ஐம்பது வாட் என்பது கால் ஆம்பியர்கூட இல்லை. அந்த அளவில் சின்னப் பிழை இருக்கத்தான் செய்யும். சரியாகப் பூஜ்யத்தில் நிற்க முயன்றால், பிழை ஒரு பக்கம் சாய்ந்தாலே கரன்ட் வெளியே கசியும். அதனால் கொஞ்சம் வாங்கும் பக்கமாகவே நிற்கச் சொல்கிறோம்.

ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. சோலாரிலோ பேட்டரியிலோ வீடு ஓடுகிற நேரமெல்லாம் இந்த வாட் ஈபியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நாளுக்கு இருபது மணி நேரம் என்று வைத்தால், 50 வாட்டுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்தில் 60. நூறு வாட் வைத்தால் 120. இருபது வாட் என்றால் 24-தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், உங்களைப் போல் வாங்குவதே 60 யூனிட்டாக இருக்கும் வீட்டில் இந்த ஒரு எண் பில்லை நூறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். என் யோசனை: முதலில் 50 வையுங்கள். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் சரியாக வந்தால் 20-க்கு இறக்குங்கள். இறக்கிய பிறகு, வீடு ஒரே சீராக ஓடும்போது திரையில் மைனஸ் எட்டிப் பார்த்தால் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் சி.டி. தவறாக இருந்தால் அத்தனையும் வீண். வளையத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் இன்வெர்ட்டருக்கு உலகமே தலைகீழ். வெளியே போவதை உள்ளே வருவதாக நினைத்து, "இன்னும் தேவைப்படுகிறது போல" என்று மேலும் தள்ளும். அதுவும் வெளியே போகும், இன்னும் தள்ளும். இல்லையென்றால், உள்ளே வருவதை வெளியே போவதாக நினைத்துப் பேனலை அடக்கி அடக்கி ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பாருங்கள். பொதுவாக ஒரு விதி சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறுகிறது.

வளையம் மாட்டும் இடமும் முக்கியம். மீட்டரிலிருந்து வெளியே வரும் பேஸ் வயரில், அது கிளை பிரிவதற்கு முன்னால் இருக்க வேண்டும். மாடிக்குப் போகும் லைன் வளையத்துக்கு முன்பே பிரிந்துவிட்டால், மாடி ஏ.சி. ஓடுவது இன்வெர்ட்டருக்குத் தெரியவே தெரியாது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். வளையம் கிளிக் என்று முழுதாக மூடியிருக்க வேண்டும்; நடுவில் தூசியோ வயர்ப் பிசிறோ மாட்டி நூலளவு திறந்திருந்தால் குறைத்துக் காட்டும். மாற்றி மாட்ட வேண்டியிருந்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மீட்டருக்கு முந்தைய பக்கம், சீல் வைத்த இடம், நாம் தொடும் இடமில்லை.

சி.டி. சரியா என்று பார்க்க ஒரு அயர்ன் பாக்ஸ் போதும். விடியற்காலையில், பேனல் விழிப்பதற்கு முன், பேட்டரி தன் கீழ் எல்லைக்கு இறங்கி வீடு ஈபி கரன்டில் ஓடும் நேரத்தில் திரையில் கிரிட் எண்ணைப் பாருங்கள். 200 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1000 வாட் அயர்ன் பாக்ஸை, பேக்கப்பில் சேராத ஏதாவது ஒரு பிளக்கில் போடுங்கள். சூடேறும் வரைதான் அது முழுக் கரன்ட் இழுக்கும், அதற்குள் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். 1200-க்குப் பக்கத்தில் பிளஸில் காட்டினால் வளையம் சரி. எண் மைனஸ் பக்கம் பாய்ந்தால் அம்பு திரும்பியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் வளையம் தவறான வயரில் இருக்கிறது, அல்லது அதன் மெல்லிய வயர் இன்வெர்ட்டர் முனையில் கழன்றிருக்கிறது.

அடுத்து நல்ல வெயிலில், பேட்டரி நிறைந்த பிறகு ஒரு சோதனை. ஏ.சி., மோட்டார் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து மீட்டரின் முன்னால் நில்லுங்கள். அதில் ஒரு சிவப்பு லைட் மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும், `3200 imp/kWh` என்பது போல. ஐம்பது வாட் மட்டும் வருகிறது என்றால் மணிக்கு 160 மினுக்கு. ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் ஏறக்குறைய 22 நொடி இடைவெளி. கைபேசி கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். வெளியே இரண்டு கிலோவாட் போய்க்கொண்டிருந்தால் அதே லைட் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். இன்வெர்ட்டர் திரையில் வருவது அதன் சொந்தக் கணக்கு. பில் போடுவது மீட்டர் என்பதால், கடைசி வார்த்தை மீட்டருடையதாக இருக்கட்டும்.

அப்படியே அயர்ன் பாக்ஸை ஒரு தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். போட்டதும் பேனலின் எண் 400-லிருந்து 1400-க்கு ஏறும், அணைத்ததும் இறங்கும். அணைத்த அந்த நொடியில் கிரிட் எண் மைனஸுக்குப் போய்த் திரும்பும். அது இயல்பு. சாமான் அணைந்ததை வளையம் உணர்ந்து, இன்வெர்ட்டர் பேனலை இறக்குவதற்கு ஓரிரு நொடி ஆகிறது. ஆயிரம் வாட் இரண்டு நொடி வெளியே போனால் ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாளில் முப்பது தடவை நடந்தாலும் பில்லில் தெரியாது. மைனஸ் எண் பத்து நொடிக்கு மேல் அப்படியே நின்றால்தான் திரும்பவும் சி.டி.யைப் பார்க்க வேண்டும். இரு திசையையும் தனித்தனியே பதியும்படி அமைத்த ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இந்தத் துளிகளும் பதிவில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜீரோ எக்ஸ்போர்ட் என்பது நடைமுறையில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு. ஒரு நொடிகூட வெளியே போகக் கூடாது என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டால், கிரிட் பக்கம் திரும்பும் கரன்டைக் கண்டதும் துண்டிக்கும் ரிலே தனியாகப் போட வேண்டியிருக்கும்.

டிக்கை எடுத்த மறுநாளே ஆப்பில் தயாரிப்பு 18-லிருந்து பத்துக்கு விழும். பேனல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வாங்க ஆளில்லாதபோது இன்வெர்ட்டர் பேனலை அதிக வோல்ட், குறைந்த ஆம்பியர் உள்ள நிலைக்கு நகர்த்தி வைக்கிறது. அதில் பேனலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் எட்டு யூனிட் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து வீட்டுக்குள்தான் இருக்கிறது. மோட்டார், வாஷிங் மிஷின், அயர்ன், முடிந்தால் சமையலில் இண்டக்‌ஷன் அடுப்பு, இவற்றைப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். பேட்டரி நிறைந்த பிறகு ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்கூட்டியே போட்டு அறையைக் குளிர்வித்துக்கொள்ளலாம். இதெல்லாம் பழகிய பிறகு ஆப்பில் தயாரிப்பு எண் ஏறினால், அது நீங்கள் உபயோகித்தது. வெளியே போனதாக இருக்காது.

ஜீரோ எக்ஸ்போர்ட் போட்டால் லைன்மேனுக்குப் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. தெருவில் கரன்ட் நின்றதும் இன்வெர்ட்டர் கிரிட் பக்கத்தைத் துண்டித்துக்கொள்வது ஆன்டி-ஐலண்டிங் என்ற தனி அமைப்பு. `Solar Sell` இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். ஒருபோதும் அதைத் தொடாதீர்கள், பிறரைத் தொடவிடவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் மூன்று பேஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று பேஸ் ஹைபிரிடில் மூன்று வளையம் இருக்கும், எந்தப் பேஸுக்கு எது என்ற வரிசை மாறக் கூடாது. மூன்றிலும் சம அளவு தள்ளும்படி விட்டால், ஒரு பேஸில் வெளியே போய்க்கொண்டும் இன்னொன்றில் வாங்கிக்கொண்டும், கூட்டினால் பூஜ்யம் என்று காட்டும். அந்த மாடல்களில் `Asymmetric phase feeding` இருந்தால் அதை டிக் செய்து, அயர்ன் பாக்ஸ் சோதனையைப் பேஸ் பேஸாகச் செய்யுங்கள்.

கட்டிய பில்லைத் திரும்ப வாங்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். அனுமதி இல்லாமல் போன கரன்டுக்குப் பணம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். செய்யக்கூடியது ஒன்று உண்டு. செட்டிங் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரன்ட் வெளியே அனுப்பாதபடி அமைத்திருக்கிறோம் என்று உங்கள் பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவையுங்கள். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை என்றைக்காவது பெரிதாக மாற்றினால் நெட் மீட்டருக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அப்போதும் அவசரப்பட்டு `Solar Sell`-ஐ டிக் செய்துவிடாதீர்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளில் அல்ல, பழைய மீட்டரைக் கழற்றி இருவழி மீட்டரை மாட்டி முடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.